ஏ.சி. அறைக்கும் மற்ற இரண்டு அறைகளுக்கும்: நம் கரண்ட் பில் பற்றி ஒரு திறந்த மடல்

சென்னை, ஜூன் 2023

ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கும் நண்பர்களே,

ஏப்ரல், மே மாதங்களுக்கு 860 யூனிட் ஓடி, 5,150 ரூபாய் பில் வந்திருக்கிறது. வழக்கம்போல நாலாகப் பிரித்து ஆளுக்கு 1,287.50 என்று குரூப்பில் போட்டார்கள். நான் இன்னும் கட்டவில்லை. கோபித்துக்கொள்ளாமல் இதைப் படியுங்கள். நம்மைப் போலச் சேர்ந்து குடியிருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் திறந்த மடலாகவே எழுதுகிறேன்.

ஏ.சி. இருப்பது ஒரு அறையில் மட்டும். அங்கே இரண்டு பேர். எலக்ட்ரீசியனை வைத்து மார்ச் கடைசியில் அந்த லைனில் ஒரு சப்-மீட்டர் போட்டோமே, அது 420 யூனிட் காட்டுகிறது. ஒரு ராத்திரிக்கு ஏழு யூனிட், ஒன்றரை டன் ஏ.சி.க்கு நம்பும்படியான கணக்குதான். மிச்சம் 440 ஃப்ரிட்ஜ், கீசர், மோட்டார், விளக்கு, மின்விசிறி. அது நால்வருக்கும் பொது.

இதுவரை சிக்கல் இல்லை. அந்த 420 யூனிட்டுக்கு என்ன விலை போடுவது என்பதில்தான் சண்டை. மின்சாரத்துக்கு ஒரே விலை கிடையாது. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம். நமக்கு 400 வரை 4.50, பிறகு நூற்றுக்கு 6, அடுத்த நூற்றுக்கு 8, 800 வரை 9, அதற்கு மேல் 1,000 வரை 10. மொத்தம் 500-க்குள் நின்றிருந்தால் 101 முதல் 200 வரை வெறும் 2.25தான். 500-ஐத் தாண்டியதும் அந்தச் சலுகை போய்விடும்.

ஏ.சி.யே இல்லை என்று வைத்துக்கொள்வோம். 440 யூனிட்டுக்கு பில் 1,365, ஆளுக்கு 341 ரூபாய். அப்படியானால் ஏ.சி.யால் ஏறியது 3,785, அதை அந்த அறையே ஏற்க வேண்டும் என்று நான் வாதாடலாம். எனக்கு லாபமான வாதம். ஆனால் ஏ.சி. அறைக்காரர்கள் திருப்பிக் கேட்பார்கள்: "எங்க ஏ.சி. மட்டும் தனி மீட்டர்ல ஓடியிருந்தா 420 யூனிட்டுக்கு 1,245தானே? உங்க ஃப்ரிட்ஜும் கீசரும்தானே எங்களை மேல தள்ளுது?" அதுவும் சரிதான். மீட்டருக்குள் யார் யூனிட் முதலில் நுழைந்தது, யாருடையது கடைசியில் என்று வரிசை கிடையாது.

தனித்தனியாக இருந்தால் 1,365-ம் 1,245-ம் சேர்ந்து 2,610. நாம் கட்டுவது 5,150. நடுவில் உள்ள 2,540 ரூபாய் ஒரே இணைப்பில் சேர்ந்து இருப்பதற்கான தண்டம். அது ஏ.சி.யின் செலவும் இல்லை, ஃப்ரிட்ஜின் செலவும் இல்லை. ஆகவே பாதிப் பாதி. அப்படிப் போட்டால் ஏ.சி. பக்கம் 2,515, பொதுப் பக்கம் 2,635.

இத்தனை கணக்கு ஒவ்வொரு தடவையும் வேண்டாம். மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுத்தால் யூனிட்டுக்கு 5.99 ரூபாய் வருகிறது. அதை 420-ஆல் பெருக்கினாலும் அதே 2,515தான். இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு யூனிட் எரித்ததால்தான் இப்படிப் பொருந்துகிறது. டிசம்பரில் ஏ.சி. அறுபது யூனிட் ஓடினால் இரண்டு கணக்கும் விலகும், ஆனால் அப்போது தொகையே சின்னது. அதனால் சராசரி விலையையே வைத்துக்கொள்ளலாம் என்கிறேன். இந்த பில்லுக்கு எங்கள் இருவருக்கும் தலா 659, ஏ.சி. அறையில் தலா 1,916.

ஒன்று மட்டும் கறாராக இருக்க வேண்டும். ஈ.பி. ரீடிங் எடுக்க வரும் அன்றே சப்-மீட்டரையும் போட்டோ எடுத்துப் போடுங்கள். நாலு நாள் தள்ளி எடுத்தால் கோடையில் முப்பது யூனிட் வரை இடம் மாறிவிடும், அப்புறம் யார் மேல் தவறு என்று கண்டுபிடிக்கவே முடியாது.

ஊருக்குப் போன நாட்களைக் கழிக்கச் சொல்கிறவர்களுக்கு: நீங்கள் இல்லாதபோதும் ஃப்ரிட்ஜ் ஓடியது, உங்கள் மாவும் ஊறுகாயும் உள்ளேதான் இருந்தன. பதினைந்து நாளுக்கு மேல் போனால் பேசுவோம்.

அப்புறம், மழைக்காலத்தில் 500 பக்கம் வரும்போது பத்து நாள் முன்பே யாராவது மீட்டரைப் பார்த்துச் சொல்லுங்கள். 500-க்கு பில் 1,725. அதுவே 510 ஆனால் 2,030. கடைசிப் பத்து யூனிட்டுக்கு மட்டும் 305 ரூபாய்! அந்தப் பத்து யாருடையது என்று இன்னொரு மடல் எழுத எனக்குத் தெம்பு இல்லை.

என் பங்கு 659-ஐ இன்றே அனுப்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
பால்கனிப் பக்க அறைக்காரன்