ஐம்பதை இருபதாக்கும்போது ஒரே ஒரு முறை ரவுண்டு செய்யுங்கள்: தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். இதே விஷயமாக இரண்டு முறை துறைத்தலைவர் வழியாக எழுதிக் கொடுத்துவிட்டேன். "சாஃப்ட்வேர் அப்படித்தான் எடுத்துக்கொள்ளும்" என்ற ஒரு வரிதான் பதிலாக வந்தது. அதனால் இப்போது எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று அகமதிப்பீட்டுத் தேர்வுகள், ஒவ்வொன்றும் 50 மதிப்பெண்ணுக்கு. மூன்றும் சேர்ந்து கடைசியில் 20 ஆகின்றன. அதோடு ஒப்படைப்புக்கு 5, எழுத்துத் தேர்வுக்கு 75. முதுகலையில் தேர்ச்சி பெற எழுத்துத் தேர்வில் 38, மொத்தத்தில் 50 வேண்டும். இவையெல்லாம் உங்களுக்குத் தெரிந்தவைதான்.

போன மாதம் முடிவுகள் வந்த இரண்டாம் நாள், என் எம்.காம். மாணவி ஒருத்தி மூன்று விடைத்தாள்களையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். 21, 16, 27. நன்றாகப் படிக்கிறவள் என்று சொல்ல மாட்டேன். காலையில் கடையில் வேலை பார்த்துவிட்டு வகுப்புக்கு வருகிறவள். எழுத்துத் தேர்வில் சரியாக 38, ஒப்படைப்பில் 3. அகமதிப்பீட்டுத் தேர்வுக்கு 8 என்று போட்டிருந்தது. மொத்தம் 49, அரியர். "எட்டு எப்படி சார் வந்தது? நான் போட்டுப் பார்த்தால் எட்டரைக்கு மேலே வருதே" என்றாள்.

அவள் கணக்கு சரி. மூன்றையும் கூட்டினால் 150-க்கு 64. அதை 20-க்கு மாற்றினால் 8.53. ரவுண்டு செய்தால் 9. தேர்ச்சி.

நாம் என்ன செய்தோம் என்றால், உங்கள் படிவத்தில் ஒவ்வொரு தேர்வையும் தனித்தனியே 20-க்கு மாற்றி, தசமம் இல்லாமல் பதியச் சொல்லியிருக்கிறது. 21 என்பது 8.4, அதனால் 8. 16 என்பது 6.4, அதனால் 6. 27 என்பது 10.8, அதனால் 11. கூட்டினால் 25. மூன்றால் வகுத்தால் 8.33. அதை மறுபடி ரவுண்டு செய்து 8. ஒரே மதிப்பெண்ணை இரண்டு தடவை வெட்டியிருக்கிறோம்.

அதே வகுப்பில் இன்னொரு மாணவன் 24, 19, 19 வாங்கியிருந்தான். கூட்டினால் 62, இவளைவிட இரண்டு குறைவு. நம் படிவம் அவனுக்கு 9.6-ஐ 10 ஆக்கியது, 7.6-ஐ 8 ஆக்கியது, அடுத்த 7.6-ஐயும் 8 ஆக்கியது. 26, சராசரி 8.67, ஆக 9. 64 வாங்கியவளுக்கு 8, 62 வாங்கியவனுக்கு 9. இதை அவளுக்கு நான் எப்படி விளக்குவது என்று தயவுசெய்து நீங்களே சொல்லுங்கள்.

இதில் அதிர்ஷ்டம் எப்படி வேலை செய்கிறது என்று அன்று இரவு உட்கார்ந்து பார்த்தேன். ஐம்பதை இருபதாக்க 0.4-ஆல் பெருக்குகிறோம். அதனால் 1 அல்லது 6-இல் முடியும் மதிப்பெண் எப்போதும் 0.4 இழக்கும். 3, 8-இல் முடிந்தால் 0.2 போகும். 4, 9-இல் முடிந்தால் 0.4 சும்மா கிடைக்கும், 2, 7-க்கு 0.2 கிடைக்கும். 0, 5-க்கு மட்டும் எதுவும் ஆகாது. அவளுடைய 21-உம் 16-உம் இழக்கும் பக்கம், அவனுடைய மூன்றும் கிடைக்கும் பக்கம். ஒரு பிள்ளையின் தேர்ச்சியை விடைத்தாளின் கடைசி இலக்கம் முடிவு செய்யக் கூடாது, ஐயா.

"அரை வந்தால் மேலே தூக்குவதா, கீழே விடுவதா" என்று சுற்றறிக்கையில் ஒரு பத்தியே இருக்கிறது. தசமம் இல்லாத மதிப்பெண்களைக் கூட்டி 150-இலிருந்து 20-க்கு மாற்றும்போது சரியாக .5 வரவே வராது. அதற்கு மிக அருகில் வருவது .467-உம் .533-உம்தான். வராத ஒன்றைப் பற்றி விதி இருக்கிறது, தினமும் நடக்கும் ஒன்றைப் பற்றி இல்லை. ஆனால் இரண்டு படியில் ரவுண்டு செய்தால் இல்லாத அரையை நாமே உண்டாக்கிவிடுவோம். பக்கத்துத் துறையில் முதலில் ஒரு தசம இடத்துக்குச் சுருக்கி வைத்துக்கொள்கிறார்கள். 71 வாங்கியவனுக்கு 9.467, அது 9.5 ஆகி, அப்புறம் 10 ஆகிவிடுகிறது. சரியான விடை 9. ஒரே கல்லூரி, ஒரே சுற்றறிக்கை, துறைக்கு ஒரு கணக்கு.

நான் கேட்பது ஒன்றே ஒன்று: கூட்டி, மாற்றி, கடைசியில் ஒரே ஒரு முறை ரவுண்டு செய்யுங்கள். மாணவர்கள் 50-க்கு வாங்கியதை நாங்கள் படிவத்தில் அப்படியே பதிகிறோம். மாற்றுவதை உங்கள் பக்கம் இந்த ஒரு வரி செய்யட்டும்:

```
=ROUND(SUM(B2:D2)*20/150,0)
```

இப்போது நடப்பது இது:

```
=ROUND((ROUND(B2*20/50,0)+ROUND(C2*20/50,0)+ROUND(D2*20/50,0))/3,0)
```

சரியாக நடந்ததா என்று பார்க்கப் பெரிய தணிக்கை எதுவும் வேண்டாம். 150-க்கான கூட்டுத்தொகையை வைத்துப் பட்டியலை ஏறுவரிசையில் அடுக்குங்கள். பக்கத்தில் உள்ள 20-க்கான மதிப்பெண் மேலிருந்து கீழே வரும்போது ஓர் இடத்தில்கூடக் குறையக் கூடாது. குறைந்தால் நடுவில் யாரோ ரவுண்டு செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இதில் எல்லாப் பிழையும் அகப்படாது, ஆனால் என் வகுப்புப் பட்டியலை அடுக்கியதும் 64-க்கு எதிரே 8 தனியாகத் தெரிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவள் மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டினாள். வந்தது அதே 38. மறுமதிப்பீட்டில் எழுத்துத் தேர்வுத் தாளைத்தான் பிரிக்கிறார்கள், அகமதிப்பீட்டை யாரும் தொடுவதில்லை. "பட்டியலில் கையெழுத்துப் போட்டிருக்கிறாளே" என்று உங்கள் அலுவலகத்தில் கேட்டார்கள். போட்டிருக்கிறாள்தான். அவளுக்குக் காட்டிய பட்டியலில் இருந்தது 8, 6, 11. அதைப் பார்த்து எதைச் சரிபார்ப்பது? திருத்தப் படிவத்துக்கு நான்கு பேரிடம் கையெழுத்து வேண்டும் என்றார்கள். மூன்று வாங்கிவிட்டேன். நான்காவதற்காக உங்கள் வாசலில் இரண்டு மதியம் நின்றேன். தவறு எங்கள் கணக்கில், அலைவது மட்டும் அவள்.

கோபத்தில் எழுதியிருந்தால் மன்னியுங்கள். உங்கள் அலுவலக ஊழியர்கள் முடிவு வெளியாகும் வாரத்தில் வீட்டுக்கே போகாமல் வேலை பார்ப்பதை நானும் பார்த்திருக்கிறேன். என் வருத்தம் அவர்கள் மேல் இல்லை, அந்தப் படிவத்தின் மேல்.

அரியர் விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி வருவதற்குள் அவளுடைய 8-ஐ 9 ஆக்கித் தாருங்கள். இந்தப் பருவத்தின் மற்றப் பட்டியல்களையும் ஒரு முறை அடுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். குறைந்தவர்களுக்குக் கூட்டிக் கொடுங்கள். 62-க்கு 9 வாங்கியவனிடமிருந்து திருப்பி எடுக்க வேண்டாம், அது நம் பிழை, அவனுடையது இல்லை. அடுத்த பருவத்திலிருந்து கூட்டி, மாற்றி, கடைசியில் ஒரே ஒரு முறை ரவுண்டு செய்யுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

மூன்று விடைத்தாள்களும் என் மேசையில்தான் இருக்கின்றன. கூப்பிட்டால் எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
வணிகவியல் துறை ஆசிரியர் ஒருவர்