கையெழுத்துக்கு முன்னால் அந்த மூன்று பக்கங்களைக் காட்டுங்கள்

வீட்டுக்கடன் கொடுக்கும் வங்கிகளின் கிளை மேலாளர்களுக்கும், கடன் நிறுவன அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வீட்டுக்கடன் வாங்கியவர்கள் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு வந்து, "இதுல என்னதான் எழுதியிருக்கு, பாத்துச் சொல்லுங்க" என்று கேட்பது வழக்கம். பெரும்பாலும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வருகிறார்கள். முன்னாலேயே வந்திருக்கலாமே என்று கேட்டால், ஒப்பந்தத்தையே அன்றைக்குத்தான் கண்ணில் பார்த்தோம் என்கிறார்கள். அதற்குள் விற்பவருக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது, பத்திரப்பதிவுக்கு டோக்கனும் போட்டாகிவிட்டது. அந்த நிலையில் ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு கட்டுத் தாளை முன்னால் வைத்து, பென்சிலால் குறித்த இடங்களில் கையெழுத்துக் கேட்கிறீர்கள். ஒரு ஷரத்து பிடிக்கவில்லை என்றாலும் அவரால் எழுந்து போக முடியாது.

கட்டு முழுவதையும் எல்லோரும் படிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வட்டி மாறும்போது என்ன நடக்கும், தவணை தவறினால் என்ன நடக்கும், கடனை முன்னதாக முடித்தால் என்ன நடக்கும் என்ற மூன்று ஷரத்துகளையாவது அவர்கள் நிதானமாகப் படிக்க இடம் கொடுங்கள்.

இவற்றில் அதிகம் அடி விழுவது வட்டி மாறும் ஷரத்தில்தான். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 2022 தொடக்கத்தில் ஒருவர் 30 லட்சம் ரூபாயை 7 சதவீத மாறும் வட்டியில், 20 வருடத்துக்கு வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை 23,259 ரூபாய். அப்போது ரெப்போ, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி, 4 சதவீதம். அந்த வருடம் மே மாதத்தில் ஏறத் தொடங்கி, 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதத்தைத் தொட்டது. ரெப்போவோடு இணைத்த கடன் என்றால் அவருடைய வட்டி 9.5 ஆகிவிடும். படிப்படியாகத்தான் ஏறியது. ஆனால் கணக்கு எளிதாக இருக்க, ஒரு வருடம் ஒழுங்காகக் கட்டிய பிறகு மொத்தமும் ஒரே நாளில் ஏறியதாக எடுத்துக்கொள்கிறேன். அன்றைக்கு அவருடைய அசல் பாக்கி சுமார் 29 லட்சத்து 28 ஆயிரம். புதிய வட்டியில் ஒரு மாத வட்டி மட்டும் 23,185 ரூபாய். அதே தவணையைத் தொடர்ந்து கட்டினால் அசலில் கழிவது 74 ரூபாய். அந்த வேகத்தில் கடன் முடிய ஏறக்குறைய 60 வருடம் ஆகும். இன்னும் கொஞ்சம் வட்டி ஏறினால், தவணை வட்டிக்கே போதாமல் அசல் மேலே போக ஆரம்பித்துவிடும்.

மீதி 19 வருடத்திலேயே முடிக்க வேண்டுமானால் தவணை சுமார் 27,800 ஆக வேண்டும். மாதம் 4,500 கூடுதல். சிலரால் முடியும், சிலரால் முடியாது. அதை முடிவு செய்ய வேண்டியவர் கடன் வாங்கியவர். ஆனால் நான் பார்க்கும் ஒப்பந்தங்களில், தவணையைக் கூட்டுவதா காலத்தை நீட்டுவதா என்பது கடன் கொடுப்பவரின் விருப்பம் என்றே ஒரு வரி இருக்கும். காலத்தை நீட்டினால் கணக்கிலிருந்து மாதாமாதம் போகும் தொகை மாறுவதில்லை, அதனால் அவருக்கு ஒன்றும் தெரிவதில்லை. சில வருடம் கழித்து மீதித் தவணை எத்தனை என்று கேட்கும்போதுதான் தெரிகிறது.

2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி இதற்கென்றே சுற்றறிக்கை வெளியிட்டது உங்களுக்குத் தெரியும். வட்டி மாறும்போது தவணையைக் கூட்டவோ காலத்தை நீட்டவோ இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்யவோ வாடிக்கையாளருக்கு வாய்ப்புக் கொடுக்க வேண்டும், நீட்டிப்பு அசலை ஏற்றிவிடக் கூடாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மீதித் தவணைகளின் எண்ணிக்கையைக் காட்டும் அறிக்கை தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. அப்படியிருக்க, பழைய வரியை ஒப்பந்தத்தில் ஏன் வைத்திருக்கிறீர்கள்? அந்த இடத்தில் ஒரு கட்டம் போட்டு, அவர் எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்று அவர் கையாலேயே நிரப்ப விடுங்கள்.

வட்டி எதைப் பார்த்து மாறும் என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். 2019 அக்டோபர் முதல் வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடுதான் இணைக்கப்பட வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டியைத் திருத்த வேண்டும். வீட்டுக்கடன் நிறுவனங்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அவை தாங்களே நிர்ணயிக்கும் அடிப்படை வட்டியோடு இணைக்கின்றன. ரெப்போ இறங்கியும் தன் வட்டி ஏன் இறங்கவில்லை என்று தவிக்கிற பலரின் ஒப்பந்தத்தில், காரணம் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

அடுத்து அபராதம். முன்பு தவணை தவறினால் அபராத வட்டி என்று வட்டி விகிதத்தோடு சேர்த்துப் போட்டார்கள். புதிய கடன்களுக்கு 2024 ஏப்ரல் முதல் அது கூடாது. அபராதம் தனிக் கட்டணமாகத்தான் இருக்க வேண்டும், அந்தக் கட்டணத்தின் மேல் வட்டி ஏறக் கூடாது. இது நல்ல மாற்றம். ஆனால் கட்டணம் எந்தத் தொகையின் மேல் என்பதுதான் இப்போது பார்க்க வேண்டிய இடம். தவறிய தவணையின் மேல் மாதம் 2 சதவீதம் என்றால், மேலே சொன்னவருக்கு ஒரு மாதத் தாமதத்துக்கு 465 ரூபாய். நிலுவைக் கடன் முழுவதின் மேல் வருடத்துக்கு 2 சதவீதம் என்று எழுதியிருந்தால், அதே ஒரு மாதத் தாமதத்துக்கு சுமார் 4,880 ரூபாய். இரண்டிலும் இருப்பது 2 தான். படிக்கிறவர் கண்ணுக்கு முதல் ஷரத்துதான் கடுமையாகத் தெரியும். கட்டணம் தவறுக்குத் தகுந்த அளவில் இருக்க வேண்டும் என்கிறது விதி. ஒரு தவணை தாமதத்துக்கு முழுக் கடனையும் அளவாக வைப்பது என் பார்வையில் நியாயமே இல்லை.

கடனை முன்னதாக முடிக்கும் ஷரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தனிநபர் சொந்தத் தேவைக்கு வாங்கிய மாறும் வட்டிக் கடனை முன்னதாக முடிப்பதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. 2026 ஜனவரி 1 முதல் அனுமதிக்கப்படும் கடன்களுக்கு, பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கவோ குறைந்தபட்சக் காலம் வைக்கவோ கூடாது என்பதும் தெளிவாகிவிட்டது. சிக்கல் வருவது முதல் சில வருடம் நிலையான வட்டி, பிறகு மாறும் வட்டி என்ற கலப்புத் திட்டங்களில்தான். நிலையான வட்டி ஓடும் காலத்தில் கடனை அடைத்தால் கட்டணம் வரலாம். அடமானக் கடனில் பயன்பாடு என்ற இடத்தில் தொழில் என்று எழுதிவிட்டாலும் விதி வேறாகிவிடும். அந்த இடத்தை உங்கள் ஊழியர் நிரப்பும் முன் வாடிக்கையாளரிடம் கேட்டு நிரப்பச் சொல்லுங்கள்.

2024 அக்டோபர் முதல் ஒவ்வொரு சில்லறைக் கடனுக்கும் முக்கிய விவரத் தாள் ஒன்றை, வாங்குபவருக்குப் புரியும் மொழியில், விளக்கிச் சொல்லித் தர வேண்டும். அதைப் பார்த்து ஒப்புக்கொள்ள, வீட்டுக்கடன் போன்றவற்றுக்குக் குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசம் உண்டு. அதில் சொல்லாத கட்டணத்தை, அவருடைய வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பின்னால் வசூலிக்க முடியாது. நடைமுறையில் அந்தத் தாளும் கையெழுத்து நாளன்று கட்டோடு கட்டாக வருகிறது, இல்லையென்றால் ஓ.டி.பி. கேட்டு முடித்துவிடுகிறார்கள்.

சேங்ஷன் லெட்டர் கொடுக்கும் அன்றே அந்தத் தாளைத் தமிழில் கொடுங்கள், கூடவே ஒப்பந்தத்தின் மாதிரிப் படிவத்தில் இந்த மூன்று ஷரத்துகள் உள்ள பக்கங்களையும் கொடுங்கள். பத்திரப்பதிவுத் தேதியை அதற்குப் பிறகு குறிக்கச் சொல்லுங்கள். நிரப்பாத இடங்களில் கையெழுத்து வாங்காதீர்கள். நிரப்பிய ஒப்பந்தத்தின் நகலை எல்லா இணைப்புகளோடும் அன்றைக்கே கையில் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தணிக்கையாளர் அலுவலக ஊழியர் ஒருவர்