வெள்ளிக்கிழமை அனுப்பப்போகும் மெயில்

அன்பு மகளுக்கு,

வேலையை விட்டுப் போகும்முன் ஆபீஸில் எல்லோருக்கும் அனுப்ப நீ எழுதி வைத்திருக்கும் விடைபெறும் மெயிலைப் படித்தேன். மனசோடு எழுதியிருக்கிறாய். ஒரு வரி மட்டும் என்னை உறுத்தியது. "ஆளே இல்லாத நேரத்திலும் நாம் வேலையை முடித்துக் கொடுத்தோம்" என்கிறாயே, அது. நண்பர்களைப் பாராட்டத்தான் எழுதியிருப்பாய். ஆனால் உன் மேனேஜருக்கு அது புகாராகத்தான் கேட்கும். அங்கேயே இருந்து நாளைக்கும் அவர் முகத்தில் விழிக்க வேண்டியவர்களுக்கும் சங்கடம்.

நான் வேலை பார்த்த இடத்தில் ஒருவர் போகும்போது இரண்டு பக்கம் நன்றி எழுதிவிட்டு, பதவி உயர்வு கிடைக்காத வருத்தத்தையும் ஒரு வரியில் சேர்த்தார். எல்லோரும் அந்த ஒரு வரியைத்தான் பேசினார்கள்.

அப்ரைசலில் உனக்கு வந்த வருத்தம் நியாயமானதுதான், கண்ணு. அதை எச்.ஆர். கடைசியாகக் கூப்பிட்டுப் பேசும்போது சொல். கேட்க வேண்டியவர்கள் அங்கே இருப்பார்கள்.

அந்த வரியை எடுத்துவிட்டு, நடந்த ஒன்றை எழுதேன். சர்வர் நின்றுபோன ராத்திரி எல்லோரும் விடியும்வரை உட்கார்ந்திருந்ததாக எனக்குச் சொன்னாயே! "அன்று விடியற்காலையில் நாம் எல்லோரும் குடித்த டீயை மறக்க மாட்டேன்" என்றால் போதும். "எல்லா ஒத்துழைப்புக்கும் நன்றி" என்று யாரும் யாருக்கும் எழுதலாம். டீயை நீ மட்டும்தான் எழுத முடியும்.

பெயர்களையும் பார். ஐந்து பேருக்குப் பெயர் சொல்லி நன்றி எழுதியிருக்கிறாய். ஆறாவது ஆள் தன் பெயரைத் தேடுவார். பொது மெயிலில் டீம் முழுவதற்கும் நன்றி சொல்லிவிடு. அந்த ஐந்து பேருக்கும் தனித்தனியாக நாலு வரி எழுது. புது கம்பெனி பெயர் இதில் வேண்டாம், கேட்பவர்களிடம் நேரில் சொல்லிக்கொள். உன் வேலையை இனி யார் பார்ப்பார் என்று ஒரு வரி இருக்கட்டும். சொந்த மெயில் ஐடியைக் கொடு, போன் நம்பர் நெருக்கமானவர்களுக்கு மட்டும்.

அப்புறம், எல்லோர் முகவரியையும் Bcc-யில் போடு. இல்லாவிட்டால் யாராவது Reply All அழுத்தி, "வாழ்த்துகள்" என்று எல்லோர் பெட்டியும் நிரம்பிவிடும். சாயங்காலம் வரை வைத்திருக்காதே. கடைசி நாளில் லாகின் எப்போது மூடுவார்கள் என்று கேட்டுக்கொண்டு, மதியத்துக்குள் அனுப்பிவிடு. பதில் வந்தால் படிக்க உனக்கும் நேரம் வேண்டுமே.

திருத்தி எழுதியதும் எனக்கு அனுப்பு. அந்த டீ வரியைப் படிக்க ஆசையாக இருக்கிறது. சனிக்கிழமை காலை பஸ் ஸ்டாண்டுக்கு அப்பா வருவார்.

அன்புடன்,
அம்மா