என் மேலேயே ஒரு புகார்

அன்புள்ள நண்பா,

இரண்டு மாதமாக ஏன் பதிலே இல்லை என்று கேட்டிருந்தாய். எழுதும் மனநிலையில் இல்லை. ஒரு வாடிக்கையாளர் என் மேலேயே புகார் கொடுத்திருக்கிறார், நான் தவறான ஆலோசனை சொன்னேன் என்று. இத்தனை வருடம் காப்பீட்டு புரோக்கராக அடுத்தவர்களுக்குக் கிளைம் படிவம் நிரப்பிக் கொடுத்தவன், இப்போது எனக்காக ஒன்று நிரப்பினேன். கை நடுங்கியது என்று சொன்னால் சிரிக்காதே.

நடந்ததைச் சொல்கிறேன். ஒரு சிறிய தொழிற்சாலையின் தீ காப்பீட்டை நான்தான் பார்த்து வந்தேன். இயந்திரங்களை என்ன தொகைக்குக் காப்பீடு செய்வது என்று முதலாளி தொலைபேசியில் கேட்டார். கணக்குப் புத்தகத்தில் இருக்கும் மதிப்பே போதும் என்று நான் சொன்னதாக அவர் சொல்கிறார். எனக்கு அந்தப் பேச்சு அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது. பிறகு தீ பிடித்தது. பாலிசி இருந்தது மாற்றுமதிப்பு அடிப்படையில், அதாவது புதிதாக வாங்கும் விலையில். புதிதாக வாங்கினால் 100 ஆகும் இயந்திரங்கள் 60க்குத்தான் காப்பீடு செய்யப்பட்டிருக்கின்றன என்று சர்வேயர் எழுதிவிட்டார். சேதம் 40. குறைத்துக் காப்பீடு செய்தால் அதே விகிதத்தில்தான் பணம் என்கிற ஆவரேஜ் விதிப்படி அதில் 60 சதவீதம், அதாவது 24 மட்டும் வந்தது. மீதி 16 முதலாளி தலையில்.

அவர் மெயில் அனுப்பினார். "உங்கள் பேச்சைக் கேட்டதற்கு எனக்குக் கிடைத்த பலன் இது. இதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்." அவ்வளவுதான். நஷ்டஈடு என்ற சொல் இல்லை, வக்கீல் இல்லை, தொகைகூட இல்லை. என் அலுவலகத்தில் மெயிலைப் பார்க்கும் பையன், கோபத்தில் எழுதியிருக்கிறார், ஆறிவிடும் என்று நான்கு நாள் தன்னிடமே வைத்திருந்தான். அவனைத் திட்டி என்ன பயன்? நானும் பார்த்துவிட்டு இரண்டு நாள் அதையேதான் நினைத்தேன்.

அப்புறம்தான் என் சொந்தப் பாலிசியை எடுத்துப் படித்தேன். தொழில்முறைப் பொறுப்புக்கு நாம் எடுக்கும் பாலிசி தீ பாலிசி மாதிரி இல்லை என்பது உனக்குத் தெரியும். தவறு எந்த வருடம் நடந்தது என்பதல்ல அங்கே முதல் கேள்வி. புகார் எந்தப் பாலிசி காலத்தில் வந்தது, எப்போது தெரிவித்தோம் என்பதுதான். என் பாலிசியில் கிளைமை மட்டுமல்ல, "கிளைமுக்கு இட்டுச் செல்லக்கூடிய சூழ்நிலை" தெரியவந்தாலும் தெரிவிக்க வேண்டும் என்று இருந்தது. அப்படித் தெரிவித்துவிட்டால், அவர் இரண்டு வருடம் கழித்து வழக்குப் போட்டாலும் அது இந்தப் பாலிசியிலேயே வந்ததாக எடுத்துக்கொள்வார்கள். பாலிசி முடிய அன்றைக்கு 19 நாள் இருந்தது.

பேசாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார். பழைய பாலிசி முடிந்திருக்கும், அதில் தெரிவிக்கவில்லை. அடுத்த பாலிசிக்காரர், "புதுப்பிக்கும்போதே உனக்குத் தெரியுமே, சொன்னாயா?" என்று கேட்பார். தெரிந்தே விட்ட விஷயம் அங்கே விலக்கு. இரண்டு பாலிசிக்கும் நடுவில் நான் தனியாக நின்றிருப்பேன். பையன் கையில் இருந்த நான்கு நாளும் கணக்கில் சேரும் என்பதுதான் இன்னும் கொடுமை. அவனுக்குத் தெரிந்தால் அலுவலகத்துக்குத் தெரிந்த மாதிரிதான்.

இதற்குள் இன்னொரு முட்டாள்தனமும் செய்யப் பார்த்தேன். "தவறு எங்களுடையதுதான், மனம் வருந்துகிறோம், ஏதாவது பார்த்துச் செய்கிறோம்" என்று அவருக்கு ஒரு பதில் எழுதி வைத்திருந்தேன். மனிதர் பத்து வருடப் பழக்கம், மனசு கேட்கவில்லை. நல்ல வேளையாக அனுப்பவில்லை. காப்பீட்டாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ பணம் தருவதாகச் சொல்லவோ கூடாது என்பது நிபந்தனை. அந்த ஒரு வரியை வைத்தே அவர்கள் கை விரித்துவிடலாம். அதற்குப் பதிலாக, புகார் கிடைத்தது, கோப்பைப் பார்த்துவிட்டு இன்ன தேதிக்குள் பதில் தருகிறோம் என்று மட்டும் எழுதினேன். புகாருக்குப் பதில் சொல்லும் கெடு, காப்பீட்டாளருக்குத் தெரிவித்துவிட்டோம் என்பதற்காக நிற்காது. அதனால் அந்தத் தேதியையும் அவர்களுக்குச் சொல்லிவிட்டேன்.

தெரிவிக்கும் கடிதம் எழுதத்தான் அரை நாள் ஆனது. "ஒரு வாடிக்கையாளர் அதிருப்தியில் இருக்கிறார்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் பின்னால் அது இந்த விஷயம்தானா என்றே சண்டை வரும். அதனால் யார், எந்தப் பாலிசி, எப்போது பேசினோம், பேசியது யார், அவர் என்ன குற்றம் சொல்கிறார், எவ்வளவு வரை போகலாம், மெயில் வந்த நாள் எது, நான் பார்த்த நாள் எது என்று எல்லாவற்றையும் எழுதினேன். ஆறு நாள் தாமதத்தை மறைக்கவில்லை. தொலைபேசிப் பேச்சுக்குக் கோப்பில் குறிப்பு இல்லை என்பதையும் எழுதினேன். அன்றிரவு ஒரு குறிப்பு எழுதிக் கோப்பில் சொருகிவிடலாமா என்று தோன்றியது உண்மை. தேதியை மாற்றிய ஒரே ஒரு காகிதம் மீதி உண்மையையும் சேர்த்துக் கெடுத்துவிடும் என்று விட்டுவிட்டேன். நினைவிருப்பதைத் தனியாக, இன்றைய தேதி போட்டு, இப்போது எழுதியது என்று சொல்லியே எழுதிக் கொடுத்தேன். நான் கவனக்குறைவாக இருந்தேனா இல்லையா என்ற தீர்ப்பை மட்டும் எங்கும் எழுதவில்லை.

கடிதத்தை முதலில் எனக்குப் பாலிசி வாங்கிக் கொடுத்த புரோக்கருக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தேன். புரோக்கருக்கே புரோக்கர், பார்த்துக்கொள்! பிறகு பாலிசியைப் பார்த்தால், அறிவிப்பு போக வேண்டிய முகவரி என்று வேறொன்று இருக்கிறது. அவர் என்னுடைய ஆள், காப்பீட்டாளரின் ஆள் இல்லை. அவர் கைக்குப் போனது அவர்கள் கைக்குப் போனதாகாது. நேராக அந்த முகவரிக்கே அனுப்பி, குறிப்பு எண்ணோடு பதில் வரும்வரை விடாமல் கேட்டு வாங்கினேன்.

காப்பீட்டாளர்கள் எனக்காக ஒரு வக்கீலை அமர்த்தியிருக்கிறார்கள். அவர் கேட்ட முதல் கேள்வி என்னை உட்கார வைத்துவிட்டது. நான் சரியாகவே சொல்லியிருந்தாலும், 100க்குக் காப்பீடு செய்யும் கூடுதல் பிரீமியத்தை அந்த முதலாளி கட்டியிருப்பாரா? முந்தைய வருடங்களில் அவர் பிரீமியத்தைக் குறைக்கச் சொல்லி அனுப்பிய மெயில்கள் கோப்பில் மூன்று கிடக்கின்றன. கட்டியிருப்பார் என்றே வைத்துக்கொண்டாலும், கட்டாமல் மிச்சம் பிடித்த பிரீமியத்தை அந்த 16இல் கழித்துத்தான் கணக்கு. இது எப்படி முடியும் என்று சொல்லத் தெரியவில்லை. எக்ஸஸ் தொகை எப்படியும் என் கையிலிருந்துதான் போகும். புதுப்பிக்கும் படிவத்தில், இப்படி ஏதாவது புகார் இருக்கிறதா என்ற கேள்விக்கும் "ஆம்" என்று எழுதினேன், பிரீமியம் ஏறியது.

அது சரி, உன் பழைய கடிதத்தில் ஒரு லாரி முதலாளி, நீ சொன்னதை நம்பிக் கெட்டேன் என்று எழுதிவிட்டு வேறு புரோக்கரிடம் போய்விட்டதாகச் சொன்னாயே, அந்த மெயிலை எடுத்து மறுபடி படித்துப் பார். உன் பாலிசி எந்தத் தேதியில் முடிகிறது? அதை மட்டும் முதலில் எழுது, மற்றதை அப்புறம் பேசலாம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்