செக் நோட்டீஸ் அனுப்பும் வக்கீல்களுக்கு

மதிப்பிற்குரிய வழக்கறிஞர்களே,

நான் கரூரில் ஒரு சிறிய அச்சகம் நடத்துகிறேன். சென்ற மார்ச் 4 அன்று மத்தியானம் தபால்காரர் ஒரு பதிவுத் தபாலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். உள்ளே மூன்று பக்கம் ஆங்கிலம். எனக்குப் புரிந்தவை இரண்டே: என் பெயர், பிறகு 'இரண்டு ஆண்டு சிறை' என்று பொருள் தரும் ஒரு வரி. அன்று இரவு சோறு இறங்கவில்லை. போலீஸ் வீட்டுக்கு வருமா என்று மனைவி கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

நடந்தது இதுதான். மெஷின் வாங்க ஒருவரிடம் இரண்டு லட்சம் கடன் வாங்கினேன். அப்போதே கையெழுத்துப் போட்ட செக் ஒன்றை அவரிடம் கொடுத்து வைத்தேன். மாதம் பத்தாயிரம் வீதம் ஆறு தவணை அவர் வங்கிக் கணக்குக்கே அனுப்பினேன். அப்புறம் தொழில் படுத்துவிட்டது, நின்றுபோனது. அவர் செக்கில் முழு இரண்டு லட்சம் எழுதி வங்கியில் போட்டார், பணம் இல்லையென்று திரும்பியது. உங்களில் ஒருவர் நோட்டீஸ் எழுதினார். எழுதியவரைக் குறை சொல்லவில்லை. அது அவர் தொழில்.

மறுநாள் காலை செய்ய நினைத்தது, உறையைக் கிழித்துப் போடுவது. அதற்கு முன் என் மச்சான் கதை நினைவுக்கு வந்தது. அவர் இதே மாதிரி தபாலை 'வேண்டாம்' என்று திருப்பி அனுப்பினார். வாங்காவிட்டால் வழக்கே வராது என்று யாரோ சொன்னார்களாம். சரியான முகவரிக்கு வந்த தபாலை வாங்க மறுத்தால் அது கிடைத்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். ஆகவே அவருக்குப் போனது பேசித் தீர்க்கக் கிடைத்த நாட்கள் மட்டும்தான். அப்புறம் வந்தது சம்மன். அதற்கும் போகாததால் பிடிவாரன்ட்.

சரி, உறையை எடுத்து அதன்மேலே '4.3 அன்று கிடைத்தது' என்று எழுதி, தெரிந்த ஒரு வக்கீல் அம்மாவிடம் போனேன். அவர் முதலில் கேட்டது கடனைப் பற்றி அல்ல. 'எந்தத் தேதி கைக்கு வந்தது?' என்றார். காலண்டரில் விரல் வைத்து எண்ணினார். கிடைத்த நாளை விட்டுவிட்டுப் பதினைந்து நாள், அதாவது மார்ச் 19 வரை பணத்தைக் கொடுக்க எனக்கு நேரம். அதற்குள் கொடுத்துவிட்டால், செக் திரும்பியதற்குத் தண்டனை சொல்லும் 138-ம் பிரிவில் குற்றமே இல்லை. கொடுக்காவிட்டால்தான் கடன் கொடுத்தவர் நீதிமன்றம் போக முடியும், அதுவும் அதற்குப் பின் ஒரு மாதத்துக்குள். 'இப்போது உங்கள் மேல் வழக்கே இல்லை. இதில் கோர்ட் முத்திரை எங்கே இருக்கிறது, வழக்கு எண் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்' என்றார். தேடினேன், இல்லை. வழக்கென்று வந்தாலும் இது ஜாமீனில் விடக்கூடிய குற்றம்தான் என்றார். பயம் பாதி அங்கேயே கழன்றது.

மீதிப் பாதி என் பாஸ்புக்கில் இருந்தது. செக் கொடுத்த பிறகு கட்டிய அறுபதாயிரத்தைக் கழிக்காமல் முழுத் தொகைக்கும் செக்கைப் போட்டால், அந்தத் தொகை அன்றைய தேதியில் இருந்த கடன் ஆகாது. 2022-ல் உச்ச நீதிமன்றமே அப்படிச் சொல்லியிருக்கிறதாம். ஆனால் கையெழுத்துப் போட்ட செக் இருந்தால் கடன் இருக்கிறது என்றே சட்டம் முதலில் நம்பும், இல்லையென்று காட்டவேண்டியது நான். கையில் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் என் பாடு திண்டாட்டம்தான். ஆறு தவணையும் வங்கி அறிக்கையில் இருந்ததால் அதை இணைத்துப் பதில் அனுப்பினோம். எதிர்த்தரப்பு வக்கீலும் ஒத்துக்கொண்டார். நகையை வைத்து ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு டிடி எடுத்து, 12-ம் நாள் கொடுத்து, ரசீதும் பழைய செக்கும் வாங்கி வந்தேன்.

இப்போது உங்களிடம் கேட்பது. 138 நோட்டீஸுக்குச் சட்டத்தில் இன்ன வடிவம் என்று எதுவும் இல்லை. எழுத்தில் இருக்க வேண்டும், செக் தொகையைக் கேட்க வேண்டும், வங்கியிலிருந்து தகவல் வந்த முப்பது நாளுக்குள் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். தமிழில் எழுதக் கூடாது என்றும் இல்லை. சிறைத் தண்டனையை மூன்றாம் பக்கத்தில் எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் பக்கத்தில், இது கிடைத்த பதினைந்து நாளுக்குள் பணம் கொடுக்கலாம், இன்ன தொகை, இன்ன கணக்கு, முன்பே கட்டியிருந்தால் அதற்கான ஆதாரத்தை அனுப்பு என்று நான்கு வரி தமிழில் இருக்கட்டும். உங்கள் கட்சிக்காரருக்கு வேண்டியது பணம்தானே? பயந்தவன் தபாலைத் திருப்பி அனுப்புவான், போனை அணைத்து வைப்பான். தேதி தெரிந்தவன் நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்குப் போவான்.

அந்த நான்கு வரியையும் துண்டுத் தாளாக அச்சடிக்க வேண்டுமென்றால் சொல்லுங்கள். என் மெஷின் சும்மாதான் நிற்கிறது.

இப்படிக்கு,
கரூர் அச்சகக்காரன்