நின்றுபோன பத்து நிமிடத்தைத் திருப்பித் தாருங்கள்

பெறுநர்: தொழில்நுட்பக் கல்வி ஆணையர் அவர்கள், சென்னை.
நகல்: செயலாளர் அவர்கள், தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம், சென்னை.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு, ராணிப்பேட்டை பகுதிகளில் தட்டச்சுப் பயிற்சி நிலையம் நடத்துகிறவர்களும் பயிற்றுநர்களும் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். லோயர், ஹையர் தேர்வுகள் எப்படி நடக்கின்றன என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. ஆகவே நேராகக் கோரிக்கைக்கு வருகிறோம்: வேகத் தாள் எழுதும்போது இயந்திரம் பழுதாகி நின்றால், அந்தத் தேர்வருக்கு வேறு இயந்திரத்தில், வேறு பத்தி கொடுத்து, முழுப் பத்து நிமிடமும் மறுபடி தர வேண்டும்.

சென்ற பருவத் தேர்வில் எங்கள் பகுதி மையம் ஒன்றில் நடந்ததுதான் இதை எழுத வைத்தது. தமிழ் ஹையர் வேகத் தாள். மணி அடித்து இரண்டாவது வரியிலேயே ஒரு மாணவியின் இயந்திரத்தில் புள்ளி விலகி விழத் தொடங்கியது. எழுந்து நின்று சொன்னார். "நீங்கள் கொண்டுவந்த மெஷின்தானே, நாங்கள் என்ன செய்வது, உட்கார்ந்து அடியுங்கள்" என்று பதில் வந்தது. அறைக் கண்காணிப்பாளர் மீது எங்களுக்குக் கோபமில்லை. அவர் கையில் வேறு இயந்திரமும் இல்லை, வேறு நேரம் கொடுக்கும் அதிகாரமும் இல்லை. அந்த அதிகாரத்தை அவருக்குக் கொடுக்க வேண்டியவர்கள் தாங்கள்.

புள்ளி விலகுவது என்ன பெரிய குற்றம் என்று தோன்றலாம். தமிழ் இயந்திரத்தில் புள்ளியை முதலில் அடித்து, அதன்பின்தான் எழுத்தை அடிக்கிறோம். புள்ளி விசையை அழுத்தினால் கேரேஜ் நகரக் கூடாது. புள்ளி விழுந்த இடத்துக்குக் கீழேயே எழுத்து வந்து உட்கார வேண்டும். மற்ற விசைகள் அழுந்தும்போது கேரேஜை ஒரு இடம் விடுவிக்கிற பட்டை, புள்ளி விசைக்கு மட்டும் அசையாமல் இருக்கும்படி வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டை சற்றே சாய்ந்தாலும், கம்பி வளைந்தாலும், புள்ளிக்கும் கேரேஜ் ஒரு இடம் நகர்ந்துவிடும். 'விண்ணப்பம்' என்ற ஒரு சொல்லிலேயே மூன்று புள்ளிகள் இருக்கின்றன. பழுதான இயந்திரத்தில் மூன்று புள்ளிகளும் தனித்தனியே அந்தரத்தில் நிற்கும், சொல் மூன்று இடங்களில் உடைந்து போகும். தமிழ்ப் பத்தியில் புள்ளி இல்லாத சொற்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒவ்வொரு புள்ளிக்குப் பிறகும் பேக் ஸ்பேஸ் அடித்துத் திரும்ப வந்தால் சொல் சேரும், வேகம் போய்விடும். திரும்பாமல் அடித்தால் வேகம் நிற்கும், தாள் முழுக்கப் பிழை. எப்படி அடித்தாலும் அந்தப் பிள்ளை தோற்றுத்தான் ஆக வேண்டும்.

இத்தனைக்கும் இந்தப் பழுதைக் கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும். ஒரு தாளைச் செருகி, வேறு எதையும் தொடாமல் புள்ளி விசையை மட்டும் பத்து முறை அடித்துப் பார்க்க வேண்டும். பத்தும் ஒரே இடத்தில் விழுந்தால் இயந்திரம் சரி. புள்ளிகள் வரிசையாக ஓடினால் பழுது. பழகிய மெக்கானிக் பெரும்பாலும் அங்கேயே நிமிர்த்தி விடுவார். மேசையில் வைத்தபின் சோதித்துப் பார்க்க நேரமும் மெக்கானிக்குக்கு உள்ளே வர அனுமதியும் வேண்டும். அந்த மையத்தில் இரண்டும் கிடைக்கவில்லை.

பயிற்சி நிலையத்தில் நன்றாக ஓடிய இயந்திரம் மையத்தில் ஏன் மக்கர் செய்கிறது? குடியாத்தத்திலிருந்தும் பேரணாம்பட்டிலிருந்தும் சின்ன லாரியில் ஏற்றி, குலுங்கக் குலுங்க வேலூர்ப் பக்கத்து மையத்துக்குக் கொண்டுவருகிறோம். இரண்டு மார்ஜின் நிறுத்திகளையும் நடுவில் நெருக்கி வைத்து, கேரேஜ் ஓடாதபடி பூட்டித்தான் ஏற்றுகிறோம். அடியில் சாக்கும் பழைய துணியும் போடுகிறோம். அப்படியும் ஒரு பெரிய பள்ளத்தில் வண்டி இறங்கினால் பூட்டு நழுவி, கேரேஜ் ஒரு பக்கமாக ஓடி முட்டுகிறது. கேரேஜை இழுக்கும் நாடா கொக்கியிலிருந்து கழன்றுவிடும். நாடா கழன்ற இயந்திரத்தை உடனே தெரிந்துகொள்ளலாம். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் கேரேஜ் அசையாது. எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும்.

நாடா கழலாமல் மெயின் ஸ்பிரிங் மட்டும் தளர்ந்திருந்தால்தான் ஆபத்து, ஏனென்றால் சோதிக்கிறபோது அது பிடிபடாது. வரியின் தொடக்கத்தில் ஸ்பிரிங் முறுக்கேறி இருக்கும், எல்லாம் ஒழுங்காக விழும். வரி போகப் போக முறுக்கு அவிழ்ந்து, கடைசிப் பத்துப் பன்னிரண்டு எழுத்துகளில் கேரேஜ் இழுக்க மாட்டாமல் தயங்கும், எழுத்துகள் நெருங்கி ஏறிக்கொள்ளும். 'வணக்கம்' என்று நடுவில் இரண்டு சொல் அடித்துப் பார்த்துவிட்டுச் சரி என்பவர்கள் இதைத் தவறவிடுவார்கள். இந்த மார்ஜினிலிருந்து அந்த மார்ஜின் வரை ஒரு முழு வரி அடித்துப் பார்த்தால்தான் தெரியும். திருத்துபவர் கண்ணுக்கோ அது தேர்வரின் மேலடியாகவே படும். தாளில் இயந்திரத்தின் பெயர் எழுதியிருக்காதே.

வேலூர் வெயிலில் ரோலர் ரப்பர் இறுகிப்போவதையும் சொல்ல வேண்டும். இறுகிய ரோலரில் புள்ளியும் முற்றுப்புள்ளியும் தாளைத் துளைத்துவிடும். தாளும் வழுக்கிச் சாய்ந்து போகும்.

போன நேரத்தின் விலையை ஆங்கில ஹையரை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறோம். நிமிடத்துக்கு 45 சொல், பத்து நிமிடத்துக்கு 450 சொல். ஐந்து தட்டு ஒரு சொல் என்றால் 2250 தட்டு. ரிப்பன் திரும்பாமல் நின்று, கையால் சுற்றி விட்டு, கறையைத் துடைத்துவிட்டு உட்கார இரண்டு நிமிடம் ஆகிறது என்று வையுங்கள். மிச்சம் எட்டு நிமிடம். அதற்குள் அதே 2250 தட்டை முடிக்க நிமிடத்துக்கு 281 தட்டு, அதாவது 56 சொல்லுக்கு மேல் அடிக்க வேண்டும். 45-க்குப் பழகிய விரல், பதற்றத்தோடு, 56-இல் பிழையில்லாமல் ஓடுமா? இரண்டு நிமிடம் கூட்டிக் கொடுத்தாலும் போதாது. பாதியில் அறுந்த ஓட்டத்தைப் பிடிப்பது வேறு, முதலிலிருந்து அடிப்பது வேறு. அதனால்தான் புதிய பத்தி, புதிய பத்து நிமிடம் என்று கேட்கிறோம்.

இதில் ஒருமுறை தவறினால் என்ன ஆகிறது என்பதைத் தேர்வாணையச் செயலாளர் அவர்களும் பார்க்க வேண்டும். தொகுதி 4-இல் தட்டச்சர் பதவிக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் முடித்தவர்களுக்கே முதல் முன்னுரிமை. அவர்கள் போதாதபோதுதான் தமிழ் ஹையர், ஆங்கில லோயர் வைத்திருப்பவர்கள். அதற்கும் பிறகுதான் ஆங்கில ஹையர், தமிழ் லோயர் வைத்திருப்பவர்கள். ஆங்கில ஹையர் முடித்துவிட்டுத் தமிழ் ஹையரில் இயந்திரத்தால் தோற்றவர் முதல் வரிசையிலிருந்து மூன்றாம் வரிசைக்குத் தள்ளப்படுகிறார். எழுத்துத் தேர்வில் எத்தனை வினாவுக்குச் சரியாக விடையளித்தாலும் அந்த வரிசை மாறாது.

அடுத்த தேர்வுக்கு அரை ஆண்டு காத்திருக்க வேண்டும், முடிவுக்கு மேலும் சில மாதம். தேர்வாணையமோ அறிவிக்கை நாளன்றே தகுதி கையில் இருக்க வேண்டும் என்கிறது. 2024-ஆம் ஆண்டுத் தொகுதி 4 அறிவிக்கை ஜனவரி 30 அன்று வந்தது. எழுத்துத் தேர்வு ஜூன் 9 அன்று நடந்தது. 2023-இன் இரண்டாம் பருவத்தில் ஒருவருக்கு இயந்திரம் நின்று போயிருந்தால், 2024-இன் முதல் பருவத்தில் அவர் எவ்வளவு நன்றாக அடித்திருந்தாலும் அந்த ஆண்டு ஆட்சேர்ப்பில் அது செல்லாது. ஒரு மையத்தில் சில நிமிடம் கழன்று கிடந்த நாடா, ஒரு ஆட்சேர்ப்பையே பறித்துவிடுகிறது. பெண்களும், வயது வரம்பை நெருங்கியவர்களும், வீட்டில் அடுத்த ஆண்டுக்கு அனுமதி கிடைக்காதவர்களும் இதில் நிரந்தரமாக வெளியே போய்விடுகிறார்கள். இது எங்களுக்கு வருத்தத்தைத் தாண்டிய ஆத்திரத்தைத் தருகிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கோத்ரெஜ் நிறுவனம் இயந்திரம் செய்வதை நிறுத்திப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. பழுதான ஒரு ரெமிங்டனைப் பிரித்து இன்னொரு ரெமிங்டனுக்கு உறுப்பு போடுகிறோம். மெக்கானிக்குகள் வயதானவர்கள், அவர்கள் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வரவில்லை. இப்படி ஒட்டுப்போட்ட இயந்திரத்தில் தேர்வு வைத்து, வேலைக்குப் போனதும் கணினியில் உட்கார வைக்கிறோம். அங்கே ஒருங்குறியில் எழுத்து முன்னால், புள்ளி பின்னால். அலுவலகத்தில் தமிழ்99 விசைப்பலகை இருந்தால் விசைகளின் இடமே வேறு. இயந்திரம் வேண்டாம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை, எங்கள் பிழைப்பே அதில்தான் இருக்கிறது. எதில் தேர்வு வைத்தாலும், கருவி பழுதானால் தேர்வரைத் தண்டிக்காத விதி முதலில் வேண்டும்.

தங்கள் நேரத்தை இவ்வளவு எடுத்துக்கொண்டதற்குப் பொறுத்தருள வேண்டும். பணிவோடு கேட்பது இதுதான். ஒவ்வொரு குழுவும் உட்கார்ந்தபின், வினாத்தாள் கொடுக்குமுன், சோதனைத் தாளில் புள்ளி விசையைப் பத்து முறையும் ஒரு முழு வரியும் அடித்துப் பார்க்க ஐந்து நிமிடம் தாருங்கள். அறைக்கு ஒரு தமிழ் இயந்திரமும் ஒரு ஆங்கில இயந்திரமும் மாற்றாக வையுங்கள், அவற்றைக் கொண்டுவந்து தர நாங்கள் தயார். மெக்கானிக் ஒருவருக்கு அடையாள அட்டை கொடுத்து வாசலில் இருக்க அனுமதியுங்கள். இயந்திரம் நின்றால் கண்காணிப்பாளர் அதைப் பார்த்து, பழுதின் அடையாளத்தைக் குறித்து, கையெழுத்திட்டு, அன்றைய கடைசிக் குழுவோடு அந்தத் தேர்வருக்கு முழுப் பத்து நிமிடம் தரட்டும். பொய்யாகப் பழுது சொல்வார்களே என்ற அச்சம் வேண்டாம். பழுது தாளிலேயே தெரியும், கண்காணிப்பாளர் தாமே நான்கு எழுத்து அடித்துப் பார்க்கலாம்.

தேர்வாணையத்திடம் ஒரே வேண்டுகோள்தான். அறிவிக்கைக்கு முன் தேர்வு எழுதி, இப்படிப் பழுதுக் குறிப்போடு தோற்றவர்கள், அடுத்த பருவத்தில் தேறிச் சான்றிதழ் சரிபார்ப்புக்குள் மதிப்பெண் பட்டியலைக் காட்டினால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்த பருவத்துக்கான மையக் கண்காணிப்பாளர் அறிவுரைகளில் இந்தப் பத்து நிமிட விதியைச் சேர்த்து அனுப்புமாறு மீண்டும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வட ஆற்காட்டுப் பகுதித் தட்டச்சுப் பயிற்றுநர்கள்