விலை ஏறினால் காய் ஏறாது

ஆசிரியருக்கு,

மாங்காய் விலை திடீரென உயர்ந்தும் கிருஷ்ணகிரி மண்டிகளில் வரத்து கூடவில்லை என்ற செய்தியைப் படித்தேன். விவசாயிகள் பதுக்குகிறார்கள் என்று சந்தேகப்படுவது சரியல்ல. தை, மாசியில் பூத்துப் பிஞ்சு பிடிப்பதோடு அந்த ஆண்டின் காய் பெரும்பாலும் முடிவாகிவிடும். வைகாசியில் விலை இரட்டித்தாலும் மரத்தில் இருப்பதைத்தான் பறிக்க முடியும். பொருளியலில் அளிப்பு நெகிழ்ச்சி குறைவு என்பது இதுதான். இன்று ஒட்டுக்கன்று நட்டாலும் ஓரளவு மகசூலுக்கு நான்கைந்து ஆண்டுகள் ஆகும். விலையைப் பார்த்துப் பக்கத்துத் தோட்டத்தில் முற்றாத பெங்களூரா ரக மாங்காயைப் பறித்தார்கள். தோல் சுருங்கி, எடை குறைந்ததுதான் மிச்சம்.

மாங்கூழ் ஆலைகளின் கொள்முதல் விலையை அறுவடையின்போது சொல்லாமல், பூக்கும் முன்பே மார்கழியில் அறிவிக்க வேண்டும். அப்போதுதான் பூவையும் பிஞ்சையும் காக்க மருந்துக்கும் தண்ணீருக்கும் துணிந்து செலவு செய்ய முடியும்.

– மா விவசாயி, போச்சம்பள்ளி